இரண்டு நீல டிக்குகள் சொல்வதும் சொல்லாததும்

படூரில் நான் வேலை செய்யும் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பெற்றோருக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். அலுவலகக் கடிதங்களில் புலனக் குழு என்று எழுதுவேன். பிள்ளைகளிடம் அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். குழுவில் இருப்பது முப்பத்தெட்டு எண்கள், அதாவது முப்பத்தெட்டுக் குடும்பங்கள். ஓஎம்ஆர் சாலையோர அடுக்குமாடிகளில் வீட்டு வேலைக்குப் போகும் அம்மாக்கள், ஐடி நிறுவன வாசலில் இரவுக் காவல் பார்க்கும் அப்பாக்கள், ஆட்டோ ஓட்டுபவர்கள், கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தங்கியவர்கள். பெரும்பாலான வீடுகளில் ஸ்மார்ட்போன் ஒன்றுதான். பகலில் அது யார் கையில், இரவில் யார் கையில் என்பது வீட்டுக்கு வீடு மாறும்.

என் வகுப்பில் இரண்டு மாணவிகள் இரண்டு வாரம் பேசாமல் இருந்தார்கள். ஒரே பெஞ்சில் உட்கார்பவர்கள், இடம் மாறி உட்கார்ந்தார்கள். விசாரித்தபோது ஒருத்தி சொன்னாள்: "மிஸ், நான் அனுப்புன மெசேஜ மத்தியானம் ரெண்டு மணிக்கே பாத்துட்டா. ப்ளூ டிக் வந்துச்சு. வேணும்னே பதில் போடல." அவள் அனுப்பியது சாதாரணச் செய்தி அல்ல. வீட்டில் நடந்த ஒரு சண்டையைப் பற்றி, தோழியை நம்பி எழுதியது. அதற்குப் பதில் வராதது அவளுக்கு அவமானமாகிவிட்டது. மற்றவளோ அந்தச் செய்தியைப் பார்க்கவே இல்லை என்கிறாள். இருவரும் உண்மைதான் சொன்னார்கள். அந்தக் கைபேசி அம்மாவுடையது. காலை எட்டு மணிக்கு வேலைக்குக் கொண்டுபோய்விடுவார். மகள் கைக்கு வருவது இரவு எட்டுக்கு மேல். மதிய இடைவேளையில் யார் எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க அம்மா அந்த உரையாடலைத் திறந்திருக்கிறார். அனுப்பியவள் திரையில் டிக் நீலமானது. இரவில் மகள் கைக்கு வந்தபோது புதிய செய்திக்கான பச்சை வட்டம் மறைந்துவிட்டதால், புதிதாக ஏதும் வந்திருப்பதாக அவளுக்குத் தெரியவில்லை.

இதை இருவரிடமும் வாயால் விளக்குவதைவிட வகுப்புக்கே ஒரு பாடமாக நடத்திவிடலாம் என்று தோன்றியது. வாட்ஸ்அப் பயன்படுத்துவதற்கான குறைந்தபட்ச வயது 13 என்பது அந்த நிறுவனத்தின் விதி. எட்டாம் வகுப்பு அந்த வயதின் வாசற்படி. கணக்கு யார் பெயரில் இருந்தாலும் எழுதுவது பிள்ளைகள்தான் என்பது நமக்குத் தெரியும். மாணவர்கள் பள்ளிக்குக் கைபேசி கொண்டுவரக் கூடாது என்பதால் என்னுடையதையும் சக ஆசிரியர் ஒருவருடையதையும் எடுத்துக்கொண்டேன். என்னுடையது அ, அவருடையது ஆ. கரும்பலகையில் வெள்ளைச் சுண்ணக்கட்டியும் நீலச் சுண்ணக்கட்டியும். ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் "இப்போ என்ன டிக் வரும்?" என்று கேட்டு, பிள்ளைகளின் ஊகத்தைப் பலகையில் வரைந்துவிட்டுத்தான் அனுப்பினேன். ஒரு பாடவேளை போதுமானதாக இருந்தது.

முதலில் ஆ கைபேசியின் இணையத்தை அணைத்துவிட்டு அ-விலிருந்து ஒரு செய்தி அனுப்பினோம். ஒற்றைச் சாம்பல் டிக் வந்தது. செய்தி என் கைபேசியை விட்டுப் போய்விட்டது, வாட்ஸ்அப்பின் சர்வரில் காத்திருக்கிறது என்பது இதன் பொருள். என்னுடைய இணையமே இல்லாவிட்டால் டிக் வராது, சிறிய கடிகாரப் படம் வரும். பிறகு ஆ-வின் இணையத்தைப் போட்டோம். யாரும் அதைத் தொடவில்லை, திரைப்பூட்டுகூடத் திறக்கவில்லை. இரண்டாவது சாம்பல் டிக் வந்தது. செய்தி அந்தக் கருவிக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதற்கு மேல் அதில் வேறு பொருளில்லை. மேசை மேல் கிடக்கும் கைபேசிக்கும் இரண்டு டிக் வரும்.

அடுத்த இரண்டு சோதனைகள்தான் பாடத்தின் உயிர். ஒரு மாணவனை அழைத்து, ஆ-வின் திரையில் மேலிருந்து அறிவிப்புப் பட்டையை இழுத்துச் செய்தியை உரக்கப் படிக்கச் சொன்னேன். படித்தான். வகுப்பே கேட்டது. என் கைபேசியில் டிக் சாம்பலாகவே இருந்தது. பிறகு இன்னொரு செய்தி அனுப்பிவிட்டு, ஒரு மாணவியைக் கண்ணை இறுக மூடிக்கொள்ளச் சொல்லி, அவள் விரலைப் பிடித்து அந்த உரையாடலின் மேல் அழுத்தினேன். அவள் ஒரு எழுத்துகூடப் பார்க்கவில்லை. டிக் நீலமானது. படித்தவனுக்குச் சாம்பல், படிக்காதவளுக்கு நீலம் என்று பலகையில் எழுதியபோது, பேசாமல் இருந்த இருவரில் ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். மற்றவள் அவளைத் திரும்பிப் பார்த்தாள். நான் எதுவும் சொல்லவில்லை.

நீல டிக் 2014 நவம்பரில் வந்தது. அதைக் கவனமாகச் சொல்ல வேண்டுமென்றால் இப்படிச் சொல்லலாம்: அந்த எண்ணோடு இணைந்த ஏதோ ஒரு கருவியில், யாரோ ஒருவர், இந்த உரையாடலைத் திறந்தார். யார் என்று அதற்குத் தெரியாது. கணினியில் வாட்ஸ்அப் வெப் திறந்து வைத்திருந்தால், அங்கே திறந்தாலும் நீலம்தான். உரையாடலைத் திறந்த கணத்தில் அதில் சேர்ந்திருந்த படிக்காத செய்திகள் எல்லாம் ஒன்றாக நீலமாகும், திரைக்கு மேலே மறைந்து கிடப்பவை உட்பட. கடைசியில் வந்த காலை வணக்கப் படத்தைப் பார்க்கத் திறந்தவர், அதற்கு மேலே இருக்கும் நாற்பது செய்திகளையும் "படித்தவர்" ஆகிவிடுகிறார்.

"நெட்ட ஆஃப் பண்ணிட்டுப் படிச்சா ப்ளூ டிக் வராது மிஸ்" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல். செய்து பார்த்தோம். செய்தி ஆ-வுக்கு வந்து சேர்ந்தபின் விமானப் பயன்முறையைப் போட்டு, திறந்து படித்தோம். சாம்பல்தான். பிறகு இணையத்தைப் போட்டு வாட்ஸ்அப்பைத் திறந்ததும் நீலம் போய்ச் சேர்ந்தது. இது மறைப்பது அல்ல, தள்ளிப்போடுவது. தந்திரம் சொன்னவன் கொஞ்சம் ஏமாந்துபோனான்.

மறைப்பதற்கான முறையான வழி செயலிக்குள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப்பைத் திறந்து, மேலே வலது மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு Settings, அதில் Privacy. அந்தப் பக்கத்தில் சற்றுக் கீழே Read receipts என்ற வரியும் அதன் எதிரில் ஒரு பொத்தானும் இருக்கும். அதை அணைத்தால் போதும். ஆ-வில் அணைத்துவிட்டு மீண்டும் சோதித்தோம். திறந்து படித்தாலும் என் பக்கம் இரண்டு சாம்பல் டிக்குகளோடு நின்றுவிட்டது. பிறகு ஆ-விலிருந்து எனக்கு ஒரு செய்தி அனுப்பச் சொல்லி நான் திறந்தேன். என் கைபேசியில் Read receipts அணைக்கப்படவில்லை. ஆனாலும் ஆ-வின் திரையில் நீலம் வரவில்லை. தன்னுடையதைக் காட்ட மறுப்பவருக்கு மற்றவருடையதும் காட்டப்படாது. இந்த நியாயம் பிள்ளைகளுக்கு உடனே பிடித்துப்போனது. ஏற்கெனவே போன நீலத்தை இந்தப் பொத்தான் திரும்பப் பெறாது என்பதையும் சொன்னேன்.

இந்தப் பொத்தானை அணைத்தவர்கள் இத்தோடு எல்லாம் மறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டு இடங்களில் அது வேலை செய்யாது. ஒன்று குரல் பதிவு. ஆ-வில் Read receipts அணைந்தே இருக்க, நான் ஐந்து நொடிக் குரல் பதிவு ஒன்றை அனுப்பினேன். அதை இயக்கிக் கேட்டதும் என் திரையில் அந்தப் பதிவின் பக்கத்தில் இருந்த சாம்பல் ஒலிவாங்கிப் படம் நீலமாகிவிட்டது. "வாய்ஸ் அனுப்புனா மாட்டிக்குவாங்க" என்று ஒரு மாணவன் குறிப்பெடுத்துக்கொண்டான். அந்தக் குறிப்பு எதற்குப் பயன்படப்போகிறதோ!

இன்னொன்று குழு. ஆசிரியர்களான நமக்கு முக்கியமானது இதுதான். தனி உரையாடலில் அணைத்தவருடைய வாசிப்பும் குழுவில் காட்டப்படும். அதைத் தடுக்க வாட்ஸ்அப்பில் வழி இல்லை. குழுவில் நாம் அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து, மேலே வரும் பட்டியில் Info என்பதைத் தொட்டால் Read by, Delivered to என்று இரண்டு பட்டியல்கள் வரும். ஐபோனில் செய்தியை இடப்பக்கம் இழுத்தால் போதும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் மணி, நிமிடம் வரை இருக்கும். செய்தியை அனுப்பியவர் மட்டுமே இதைப் பார்க்க முடியும். குழு நிர்வாகி என்பதால் மற்றவர் அனுப்பியதன் பட்டியல் தெரிந்துவிடாது.

குழுவில் டிக்கின் பொருளும் மாறுகிறது. எல்லா உறுப்பினர் கைபேசிகளுக்கும் போய்ச் சேர்ந்தால்தான் இரண்டாவது டிக் வரும். எல்லோரும் திறந்தால்தான் நீலம். முப்பத்தெட்டுப் பேரில் ஒருவர் கைபேசி அணைந்து கிடந்தால் குழுவுக்கே ஒற்றை டிக்தான். இதை அறியாத ஆசிரியர், செய்தி யாருக்கும் போகவில்லை என்று நினைத்து மூன்று முறை அனுப்புவதை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் குழுவில் நடந்த ஒன்றை எண்ணிக்கையோடு சொல்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, திங்களன்று ஆதார் நகலும் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்க நகலும் கொடுத்தனுப்ப வேண்டும் என்று எழுதினேன். திங்கள் காலை Info பார்த்தேன். Read by பட்டியலில் 31 பேர். Delivered to பட்டியலில் 5 பேர். எதிலும் இல்லாதவர் 2 பேர். செய்திக்கு எதிரே ஒற்றை டிக். இந்தப் பட்டியலை மட்டும் பார்த்தால் 31 பிள்ளைகள் நகலோடு வருவார்கள் என்று தோன்றும். வந்தவர்கள் 21 பேர். அதிலும் 31 பேர் பட்டியலிலிருந்து 19 பேர்தான். மீதி இரண்டு பேர் "படிக்காத" ஐந்து பேர் பட்டியலைச் சேர்ந்தவர்கள். அறிவிப்புப் பட்டையிலேயே முழுதும் படித்துவிட்டு, குழுவைத் திறக்காமலே நகல் எடுத்துக் கொடுத்தனுப்பியவர்கள்.

நீலம் காட்டியும் வராத 12 பேரிடம் அந்த வாரம் ஒவ்வொருவராகக் கேட்டேன். மூன்று வீடுகளில் தமிழ் பேசுவார்கள், படிக்கத் தெரியாது. செய்தி என்ன என்று கேட்கப் பிள்ளை பக்கத்தில் இல்லை. நான்கு வீடுகளில் விளையாடக் கைபேசியை வாங்கிய தம்பியோ தங்கையோ திறந்திருக்கிறார்கள். சனிக்கிழமை யாரோ குழுவில் போட்ட கோயில் திருவிழா காணொலிகளுக்குக் கீழே என் செய்தி புதைந்துபோனது இரண்டு வீடுகளில். மற்ற மூவர் படித்தார்கள், புரிந்தது, ஆனால் நகலெடுக்கும் கடைக்குப் போக நேரமில்லை. எதிலும் இல்லாத இருவரில் ஒருவர் ரீசார்ஜ் முடிந்து இருபது நாள் ஆகியிருந்தது. மற்றவர் எண்ணையே மாற்றிவிட்டார். பழைய எண் குழுவில் அப்படியே கிடந்தது. Info பட்டியலில் எனக்கு உண்மையில் பயன்பட்டது இந்த இருவரைப் பற்றிய தகவல்தான். 'வந்து சேரவில்லை' என்பதில் ஐயம் இல்லை. 'படித்தார்' என்பதில்தான் அத்தனை குழப்பமும்.

அதன்பின் முக்கியமான செய்தியின் கடைசி வரியில் "பிள்ளையின் பெயரை மட்டும் பதிலாக எழுதுங்கள்" என்று சேர்க்கிறேன். தமிழ் படிக்கத் தெரியாதவர்களுக்காக அதே செய்தியை முப்பது நொடிக் குரல் பதிவாகவும் போடுகிறேன். பதில் வராத வீட்டுக்குப் பிள்ளையின் குறிப்பேட்டில் எழுதி அனுப்புவதுதான் இன்னமும் சரியாக வேலை செய்கிறது.

நீல டிக் நீதிமன்றம் வரை போன கதையும் உண்டு. 2018 ஜூனில் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கௌதம் படேல் முன் ஒரு வழக்கு வந்தது. எஸ்பிஐ கார்டு நிறுவனம் கடன் பாக்கி வைத்திருந்த ஒருவருக்கு நோட்டீஸ் கொடுக்க முயன்று முடியாமல், அதைப் பிடிஎஃப் கோப்பாக அவருடைய வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பியது. செய்தியும் கோப்பும் போய்ச் சேர்ந்தன, திறக்கவும் பட்டன என்பதை டிக் குறிகள் காட்டுவதாகச் சொல்லி, நோட்டீஸ் கொடுக்கப்பட்டதாக நீதிபதி ஏற்றுக்கொண்டார். இதைக் கேட்டு, டிக் நீலமானால் சட்டப்படி எல்லாம் முடிந்தது என்று முடிவு செய்துவிடக் கூடாது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், ஒருவரை விசாரணைக்கு வரச்சொல்லிக் காவல்துறை அனுப்பும் நோட்டீஸை வாட்ஸ்அப் வழியாகக் கொடுக்கக் கூடாது, சட்டம் சொல்லும் முறையில்தான் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. பணப் பாக்கி வழக்கில் ஏற்கப்பட்ட அடையாளம், ஒருவருடைய சுதந்திரம் சம்பந்தப்பட்ட இடத்தில் போதாது என்றாகிவிட்டது. பள்ளிக் குழுவில் "நீங்கள் 9.42-க்கே பார்த்துவிட்டீர்கள், பிறகு ஏன் செய்யவில்லை?" என்று ஒரு பெற்றோரிடமோ சக ஆசிரியரிடமோ கேட்கத் தோன்றும்போது இந்த இரண்டு உத்தரவுகளும் என் நினைவுக்கு வரும்.

ஆசிரியர் குழுக்களில் நாமும் Read by பட்டியலில் ஒரு பெயர்தான். இரவு 11.40-க்குத் தூக்கம் வராமல் குழுவைத் திறந்தால் அந்த மணி அனுப்பியவருக்குத் தெரியும். வகுப்பு நடக்கும் நேரத்தில் திறந்தாலும் தெரியும். குழுவை மியூட் செய்வதாலோ ஆர்கைவ் செய்வதாலோ இது மாறாது. அவை ஒலியையும் இடத்தையும் மாற்றுமே தவிர, திறந்தால் திறந்ததுதான். திறக்காமல் அறிவிப்பில் படித்துக்கொள்வது ஒன்றே வழி.

டிக்கைவிட நுட்பமான ஒன்று மேலே பெயருக்குக் கீழே ஓடும் typing… என்ற சொல். குரல் பதிவு செய்யும்போது recording audio… என்று வரும். இதை வகுப்பில் காட்டியபோது பிள்ளைகள் அதிகம் பேசினார்கள். ஒருவர் தட்டச்சு செய்யத் தொடங்கியதும் அவருடைய செயலி சர்வர் வழியாக எதிர்ப்பக்கத்துக்கு ஒரு சிறு குறிப்பை அனுப்புகிறது. நிறுத்தினால் சில நொடிகளில் அந்தச் சொல் மறையும். எழுதும் எழுத்துகள் எதுவும் போவதில்லை, இந்தக் குறிப்பு எங்கும் சேமிக்கப்படுவதும் இல்லை. எதிர்ப்பக்கத்தில் அப்போது செயலியைத் திறந்து வைத்திருப்பவர் மட்டுமே பார்ப்பார். குழுவில் எழுதினால் எழுதுபவரின் பெயரோடு எல்லோருக்கும் காட்டும்.

இவ்வளவு சிறிய குறிப்பு மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுகிறது: இந்த நொடியில் கைபேசி அவர் கையில் இருக்கிறது, என் செய்திக்குப் பதில் எழுத முயன்றார், எழுதியதை அனுப்பாமல் விட்டுவிட்டார். மூன்றாவதுதான் பிள்ளைகளை வாட்டுவது. "டைப்பிங்னு வந்துச்சு, போச்சு, மறுபடி வந்துச்சு, அப்புறம் ஒண்ணுமே வரல மிஸ். என்ன எழுதி அழிச்சிருப்பானோன்னு ராத்திரியெல்லாம் யோசிச்சேன்" என்றான் ஒருவன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டிருக்கலாம், எழுத்துப்பிழையைத் திருத்தியிருக்கலாம், தட்டச்சுப் பலகையைத் தம்பி தொட்டிருக்கலாம் என்று வகுப்பே காரணங்களை அடுக்கியது. பன்னிரண்டு காரணங்கள் பலகையில் ஏறின. அதில் ஒன்றுதான் 'கோபம்'.

வாட்ஸ்அப்பில் typing… என்பதை அணைக்கப் பொத்தான் கிடையாது. Read receipts அணைத்தாலும் அது வரும். யோசித்து எழுத வேண்டிய பதில் என்றால், கைபேசியில் உள்ள குறிப்பேட்டுச் செயலியில் எழுதித் திருத்திவிட்டு, நகலெடுத்து ஒட்டி அனுப்பலாம். பெற்றோருக்குக் கடினமான ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தால் நான் அப்படித்தான் செய்கிறேன். எதிரில் ஒருவர் typing… என்பதைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறார் என்று தெரிந்தால் கை அவசரப்படும்.

இதே Privacy பக்கத்தின் தொடக்கத்தில் Last seen and online என்று ஒரு வரி இருக்கிறது. நாம் கடைசியாக எப்போது செயலியில் இருந்தோம், இப்போது இருக்கிறோமா என்பதை யார் பார்க்கலாம் என்று அங்கே தேர்ந்தெடுக்கலாம். Last seen என்பதற்கு Nobody கொடுத்து, online என்பதற்கு Same as last seen கொடுத்தால் இரண்டும் மறையும். online-ஐ மறைக்கும் வசதி 2022-இல்தான் வந்தது. இங்கும் அதே நியாயம்தான், மற்றவருடையதும் நமக்குத் தெரியாது. இதை மாணவிகளுக்குக் குறிப்பாகக் காட்டினேன். "ஒரு மணிக்கு ஆன்லைன்ல இருந்தியே, யார்கூட பேசிட்டிருந்த?" என்று யாராவது கேட்டுக்கொண்டே இருந்தால், அந்தக் கேள்வி எங்கிருந்து கிளம்புகிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். ஆனால் ஒருவர் விடாமல் தொல்லை கொடுக்கிறார் என்றால் இந்தப் பொத்தான்கள் போதாது. அந்த எண்ணை முடக்க வேண்டும். முடக்கப்பட்டவருக்கு நம் online, last seen எதுவும் தெரியாது. அவர் அனுப்பும் செய்தி அவர் பக்கம் ஒற்றை டிக்கோடு நின்றுபோகும். ஒற்றை டிக்குக்கு ரீசார்ஜ் இல்லாததும் காரணமாக இருக்கலாம் என்பதால், முடக்கப்பட்டோம் என்று அவருக்கு உறுதியாகத் தெரியவும் தெரியாது. வீட்டில் சொல்ல முடியாத நிலையில் உள்ள பிள்ளைக்கு 1098 என்ற எண்ணையும் பலகையில் எழுதிவைத்தேன்.

மற்ற செயலிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிக்னலில் இரண்டையும் தனித்தனியாக அணைக்கலாம். Settings, அதில் Privacy, அங்கே Read receipts ஒரு பொத்தான், Typing indicators இன்னொரு பொத்தான். இங்கும் நாம் அணைத்தால் மற்றவருடையது நமக்கு வராது. ஆண்ட்ராய்டு கைபேசிகளில் எஸ்எம்எஸ் பார்க்க இருக்கும் கூகுள் மெசேஜஸ் செயலியிலும் இவை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. சாதாரண எஸ்எம்எஸ்ஸுக்கு இது கிடையாது. இரு பக்கமும் ஆர்சிஎஸ் இருந்தால் மட்டும் வரும். மேலே உள்ள நம் படத்தைத் தொட்டு Messages settings, அதில் RCS chats என்று போனால் Send read receipts, Show typing indicators என்று இரண்டு வரிகள் இருக்கும். ஐபோனின் மெசேஜஸில் Send Read Receipts என்பதை அணைக்கலாம், எழுதும்போது தோன்றும் புள்ளிகளுக்குத் தனிப் பொத்தான் இல்லை. இன்ஸ்டாகிராமில் Messages and story replies என்ற அமைப்புக்குள் Show read receipts இருக்கிறது. 2023-இன் இறுதியில் வந்த வசதி இது. பிள்ளைகளில் சிலருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

டெலிகிராமில் டிக்கின் கணக்கே வேறு. பாடப்பொருள்களைப் பகிர நம்மில் பலர் அதைப் பயன்படுத்துவதால் கவனிக்க வேண்டியது. அங்கே ஒற்றை டிக் என்றால் டெலிகிராமின் சர்வருக்குப் போய்விட்டது. தனி உரையாடலில் இரட்டை டிக் என்றால் திறக்கப்பட்டது. கருவிக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்குத் தனி அடையாளம் இல்லை. வாட்ஸ்அப் பழக்கத்தில் இருப்பவர் டெலிகிராமின் இரட்டை டிக்கை 'போய்ச் சேர்ந்தது, இன்னும் பார்க்கவில்லை' என்று எடுத்துக்கொள்வார். அந்த இரட்டை டிக்கை அணைக்க வழியில்லை. நூறு பேருக்கு மேற்படாத சிறு குழுக்களில் செய்தியை யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியல் ஏழு நாள் வரை கிடைக்கும். இது அனுப்பியவருக்குத் தெரியும் என்பதை, வட்டார அளவிலான பாடக் குழுக்களில் இருக்கும் ஆசிரியர்களும் அறிந்து வைத்திருப்பது நல்லது.

பாடம் நடத்துவோருக்கு ஒரு குறிப்பு. சோதனைக்கு எடுக்கும் இரண்டு கைபேசிகளிலும் முன்கூட்டியே வாட்ஸ்அப் அறிவிப்புகளில் செய்தியின் உள்ளடக்கம் தெரியும்படி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பூட்டிய திரையில் உள்ளடக்கத்தை மறைத்து வைத்திருந்தால் மூன்றாவது சோதனை நடக்காது. குழுச் சோதனைக்கு மூன்றாவது கைபேசி ஒன்று வேண்டும். அதை இணையம் இல்லாமல் மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, செய்தி பெற்ற மற்றொரு கைபேசியில் திறந்தபிறகும் ஒற்றை டிக்கே நிற்பதைக் காட்டுங்கள். நம் சொந்தச் செய்திகள் பிள்ளைகள் கண்ணில் படாமலிருக்க, அந்த நேரத்துக்கு மற்ற உரையாடல்களின் அறிவிப்பை நிறுத்திவைப்பதும் தேவை. நான் நடத்திய அன்று, ஆ கைபேசியில் நடுவில் ஒரு திருமண அழைப்பிதழ் வந்து, சாப்பாட்டு நேரம் என்ன என்பது வரை வகுப்பு முழுவதும் படித்துவிட்டது.